ஒரே டாக்டர் உள்ள கிளினிக்கில் அப்பாயின்ட்மென்ட் நேரங்களை வகுப்பது: டோக்கன், தாமதம், அவசரம் மூன்றுக்கும் இடம் விட்டு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு டாக்டர், ஒரு சிஸ்டர், வரவேற்பு மேசையில் ஒருவர் என்று மூன்று பேர் நடத்தும் பொது மருத்துவ கிளினிக்குக்கான வழிகாட்டி இது. உதாரணமாக மாலை 5:30 முதல் 9:00 வரை இயங்கும் ஒரு சிற்றூர் கிளினிக்கை எடுத்துக்கொள்கிறேன். பாதிப் பேர் போன் செய்துவிட்டு வருவார்கள். மீதிப் பேர் சொல்லாமல் வந்து டோக்கன் கேட்பார்கள். சில நாட்களில் யாரையாவது ஆட்டோவிலிருந்து தூக்கிக்கொண்டு வருவார்கள்.

வரவேற்பு மேசைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். மொத்த நேரத்தை எடுத்து, பத்துப் பத்து நிமிடமாக வெட்டி, எல்லாவற்றிலும் பெயர் எழுதிவிடுகிறார்கள். அதன்பிறகு சொல்லாமல் வருபவரை எங்கே நுழைப்பது என்று யோசிக்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். காலியாக விட வேண்டிய நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். அடுத்து டோக்கனுக்கு எவ்வளவு என்று ஒதுக்குங்கள். அப்பாயின்ட்மென்ட் கடைசியில் வரட்டும்.

## 1. முதலில் இரண்டு வார நோட்டு

எதையும் மாற்றுவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் ஐந்து விவரம் போதும். வாசலுக்கு வந்த நேரம், டாக்டர் அறைக்குள் போன நேரம், வெளியே வந்த நேரம், என்ன விஷயமாக வந்தார், அப்பாயின்ட்மென்டா டோக்கனா. எல்லா நேரத்தையும் ஒரே கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள். சுவர்க் கடிகாரமும் செல்போனும் ஐந்து நிமிடம் முன்பின்னாக இருந்தால் நோட்டே வீணாகிவிடும்.

ஒருவருக்கு ஆகும் நேரத்தைக் கணக்கிடும்போது டாக்டர் பேசிய நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஒருவர் வெளியே வந்ததிலிருந்து அடுத்தவர் வெளியே வரும்வரை ஆகும் நேரத்தைப் பாருங்கள். வயதானவர் எழுந்து, செருப்பைக் கழற்றி, உள்ளே போய் உட்காருவதற்கே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகலாம். பழைய சீட்டைப் பையில் தேடுவதும் அந்தக் கணக்கில் வர வேண்டும். "என் பேஷன்டுக்கு ஐந்து நிமிடம்தான்" என்று டாக்டர் சொல்வதும் நோட்டு சொல்வதும் ஒத்துப்போகாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். வாசலில் ஆள் காத்திருக்கும் நேரங்களில் மட்டும் இந்தக் கணக்கை எடுங்கள். ஆள் இல்லாமல் டாக்டர் சும்மா இருந்த நேரம் அதில் சேரக்கூடாது.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்த நேரத்தையும் தினமும் எழுதுங்கள். மேசையில் இருப்பவருக்கு இதை எழுதக் கூச்சமாக இருக்கும். ஆனால் 5:30 என்று போர்டில் இருந்து டாக்டர் 5:50-க்கு வருகிறார் என்றால், பின்னால் வரும் எந்த ஏற்பாடும் அந்த 20 நிமிடத்தைத் திருப்பித் தராது. டாக்டர் வேறு மருத்துவமனையில் ரவுண்ட்ஸ் முடித்து வருகிறவராக இருந்தால் தொடங்கும் நேரத்தையே 5:45 என்று மாற்றிப் போடுவது நல்லது.

## 2. வந்தவர்களை நான்கு வகையாகப் பிரித்தல்

நோட்டை வைத்து வகை பிரியுங்கள். பத்து வகை பிரித்தால் போனில் கேட்டு முடியாது. நான்கு போதும். நம் உதாரண கிளினிக்கின் நோட்டு இப்படிச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

- புதியவர், அல்லது பழையவரே புதிய பிரச்சினையோடு வந்தவர்: சராசரி 12 நிமிடம், ஒரு மாலைக்கு 4 பேர்
- சுகர், பி.பி., தைராய்டு போன்றவற்றுக்கு மாதாமாதம் வருபவர்: 8 நிமிடம், 7 பேர்
- காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு: 6 நிமிடம், 8 பேர்
- ரிப்போர்ட் காட்ட வருபவர்: 3 நிமிடம், 4 பேர்

ஊசி, டிரெஸ்ஸிங், பி.பி. பார்ப்பது ஆகியவற்றுக்காக மட்டும் வருபவர்கள் இந்தப் பட்டியலில் இல்லை. அவர்களை சிஸ்டர் பார்ப்பார். டாக்டருக்கான வரிசையில் அவர்களை நிறுத்தினால் அவர்களுக்கும் நேரம் போகும், மற்றவர்களுக்கும் போகும்.

சராசரியோடு நின்றுவிடாமல் ஏற்ற இறக்கத்தையும் பாருங்கள். காய்ச்சலுக்கு வந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் 4-லிருந்து 8 நிமிடத்தில் முடிந்துவிடுவார்கள். புதியவர் ஒருவர் 7 நிமிடத்தில் முடிவார், இன்னொருவர் 25 நிமிடம் எடுப்பார். அதனால்தான் புதியவர்களை அடுத்தடுத்து வைக்கக்கூடாது. இரண்டு பேருமே நீண்டுவிட்டால் அந்த மணி நேரமே போய்விடும்.

## 3. எவ்வளவு நிரப்பலாம்

மேலே உள்ள 23 பேருக்கும் தேவைப்படும் நேரத்தைக் கூட்டுவோம். 48, 56, 48, 12 சேர்ந்து 164 நிமிடம். கிளினிக் திறந்திருப்பது 210 நிமிடம். 46 நிமிடம் மிச்சம் இருப்பதைப் பார்த்தவுடன் இன்னும் ஐந்தாறு பேரைச் சேர்க்கலாமே என்று கை பரபரக்கும். சேர்க்காதீர்கள்.

அவசரமாக வருபவர்களுக்கான நேரம் அந்த 46-க்குள்தான் இருக்கிறது. ஒரு நாள் யாரும் வரமாட்டார்கள், மறுநாள் ஒருவருக்கே அரை மணி போகும். இரண்டு வார நோட்டில் அவசரத்துக்குச் செலவான மொத்த நிமிடங்களை வேலை நாட்களால் வகுத்தால் ஒரு மாலைக்கு எவ்வளவு என்று தெரியும். அது 15 நிமிடம் என்று வைத்தால் 164-உம் 15-உம் சேர்ந்து 179. இது 210-இல் சுமார் 85 சதவீதம். சிறிய கிளினிக்குக்கு நான் வைக்கும் மேல் எல்லை இதுதான்.

ஏன் நூறு சதவீதம் நிரப்பக்கூடாது? ஒருவர் சீக்கிரம் முடிந்து, அடுத்தவர் இன்னும் வந்து சேரவில்லை என்றால் மிச்சமான நிமிடம் வீணாகிறது, சேமிப்பாக மாறுவதில்லை. ஒருவர் நீண்டுவிட்டால் அந்த நிமிடங்கள் அடுத்தடுத்தவர் தலையில் ஏறிக்கொண்டே போகும். லாபம் கரைந்துவிடுகிறது, நஷ்டம் சேர்ந்துகொண்டே போகிறது. வரிசைக் கணிதத்தில், ஆட்கள் வரும் நேரமும் பார்க்கும் நேரமும் முழுக்கத் தாறுமாறாக இருக்கும் எளிய நிலையில், 80 சதவீதம் நிரம்பிய வரிசையில் சராசரிக் காத்திருப்பு ஒருவரைப் பார்க்கும் நேரத்தைப்போல 4 மடங்கு. 90 சதவீதத்தில் 9 மடங்கு, 95-இல் 19 மடங்கு. கிளினிக் குறிப்பிட்ட நேரம் மட்டுமே இயங்குவதாலும் அப்பாயின்ட்மென்ட் ஓரளவு ஒழுங்கைத் தருவதாலும் நம் எண்கள் இவ்வளவு மோசமாக இருக்காது. ஆனால் ஏறும் விதம் அதேதான். கடைசியாகச் சேர்த்த இரண்டு மூன்று பேர்தான் கூடத்தில் உள்ள எல்லோரையும் காக்க வைக்கிறார்கள்.

கூட்டிப் பார்த்து 85-ஐத் தாண்டினால் மூன்று வழி உண்டு. மாதாந்திரப் பரிசோதனைகளில் சிலவற்றைக் காலை நேரத்துக்கு மாற்றலாம். வெறும் வயிற்றில் சுகர் பார்க்க வேண்டியவர்களுக்குக் காலைதான் வசதி. எடை, பி.பி., காய்ச்சல் ஆகியவற்றை சிஸ்டர் வெளியிலேயே பார்த்து சீட்டில் எழுதிவிட்டால் ஒருவருக்கு ஓரிரு நிமிடம் குறையும். இரண்டும் போதாவிட்டால் கிளினிக் நேரத்தை 15 நிமிடம் நீட்டுங்கள். பார்க்கும் நேரத்தைச் சுருக்குவதை வழியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நோட்டில் உள்ள 8 நிமிடம் காகிதத்தில் 6 ஆகிவிட்டால் உண்மையிலும் ஆகிவிடாது.

## 4. அரை மணிக் கட்டங்களாக வகுத்தல்

ஒவ்வொருவருக்கும் தனித்தனி நேரம் என்று மாலை முழுவதையும் வெட்டுவதைவிட, அரை மணிக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சுமை வைப்பது நல்லது. ஒருவர் 12 நிமிடமும் அடுத்தவர் 6 நிமிடமும் எடுத்தால் கட்டத்துக்குள்ளேயே சமன் ஆகிவிடும். கட்டம் தொடங்கும் நேரம் மட்டும் தவறாமல் இருந்தால் போதும்.

210 நிமிடத்தில் ஏழு கட்டம் வரும். நம் 23 பேரை இப்படி வைக்கலாம். காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு என்று வரும் எட்டுப் பேருக்கும் டோக்கன் இடம்.

| கட்டம் | அப்பாயின்ட்மென்ட் | டோக்கன் | ரிப்போர்ட் | நிரம்பியது |
|---|---|---|---|---|
| 5:30 | மாதாந்திரம் 2 | 1 | 1 | 25 நிமிடம் |
| 6:00 | புதியவர் 1, மாதாந்திரம் 1 | 1 | – | 26 |
| 6:30 | புதியவர் 1, மாதாந்திரம் 1 | 1 | – | 26 |
| 7:00 | இல்லை | 2 | 1 | 15 |
| 7:30 | புதியவர் 1, மாதாந்திரம் 1 | 1 | – | 26 |
| 8:00 | புதியவர் 1, மாதாந்திரம் 1 | 1 | – | 26 |
| 8:30 | மாதாந்திரம் 1 | 1 | 2 | 20 |

முதல் கட்டத்தில் புதியவர் இல்லை. தொடக்கத்திலேயே ஒருவர் நீண்டுவிட்டால் மாலை முழுவதும் அதன் பின்னாலேயே ஓட வேண்டிவரும். அந்தக் கட்டத்தில் மட்டும் இரண்டு பேரையுமே 5:30-க்கு வரச் சொல்லுங்கள். ஒருவர் வரத் தாமதமானாலும் டாக்டர் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார். இரண்டாமவர் எட்டு நிமிடம் காத்திருப்பார், அவ்வளவுதான். பெய்லி, வெல்ச் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1952-லேயே வெளிநோயாளர் பிரிவுகளுக்குச் சொன்ன வழி இது. இன்றும் சிறிய கிளினிக்குக்குப் பொருந்துகிறது.

மற்ற கட்டங்களில் முதலாமவரைக் கட்டத்தின் தொடக்கத்துக்கும், இரண்டாமவரைப் பத்து நிமிடம் கழித்தும், டோக்கனை 20-ஆவது நிமிடத்துக்கும் வரச் சொல்லுங்கள். 6:00, 6:10, 6:20 என்று.

7:00 கட்டத்தைக் கவனியுங்கள். அதில் ஒரு அப்பாயின்ட்மென்டும் இல்லை. இது ஈடுகட்டும் கட்டம். அதுவரை சேர்ந்த தாமதம் இங்கே கரைய வேண்டும். மேசைக்குப் புதிதாக வந்தவர்கள் முதலில் கை வைப்பது இந்தக் கட்டத்தில்தான். "ஏழு மணிக்கு யாருமே இல்லையே, ஒருவரைப் போடலாமா" என்பார்கள். காலியான நேரத்தை எல்லாம் மாலையின் கடைசியில் ஒன்றாகக் குவித்து வைத்தாலும் பயன் குறைவு. 6:20-க்கு ஏற்பட்ட தாமதம் 8:30 வரை எல்லோரையும் பாதித்த பிறகுதான் அங்கே கரையும். அதனால் நடுவில் ஒன்று, கடைசியில் கொஞ்சம்.

மருந்து கம்பெனி ரெப்களுக்கும் ஒரு இடம் எழுதிவையுங்கள். வாரத்தில் இரண்டு நாள், 9:00-க்குப் பிறகு என்று வைத்து வாசலில் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அவசரத்துக்கு விட்ட நிமிடங்களில் அவர்கள் உட்காருவார்கள்.

## 5. போனில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

அப்பாயின்ட்மென்ட் கொடுப்பவர் பெயரும் நம்பரும் மட்டும் வாங்கிவிட்டு போனை வைத்தால் மேலே உள்ள அட்டவணை நிற்காது. மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

"முன்னாடி வந்திருக்கீங்களா, இல்ல இப்போதான் முதல் தடவையா?" என்பது முதல் கேள்வி. 12 நிமிடமா 8 நிமிடமா என்பது இதில் தெரிந்துவிடும்.

"என்ன தொந்தரவுக்காக வர்றீங்க?" என்பது இரண்டாவது. பழையவர் புதுப் பிரச்சினை ஒன்றைச் சொன்னால் அவரையும் புதியவர் இடத்தில் போடுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்று சொன்னால் எட்டாம் பகுதிக்குப் போங்கள், நேரம் கொடுக்காதீர்கள்.

"எத்தனை பேருக்குப் பார்க்கணும்?" என்பது மூன்றாவது. அட்டவணையை அதிகம் உடைப்பது இதைக் கேட்காமல் விடுவதுதான். அம்மாவுக்கு என்று ஒரு அப்பாயின்ட்மென்ட் வாங்கியவர், கூடவே பிள்ளைக்குச் சளி, தனக்கு முதுகுவலி என்று மூன்று பேராக உள்ளே போவார். 8 நிமிடம் 20 ஆகிவிடும். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு இடம் என்பதை அன்போடு, ஆனால் தவறாமல் சொல்லுங்கள். "மூணு பேருக்குமே டைம் போட்டுர்றேங்க, அப்பதான் டாக்டர் நிதானமா பார்ப்பாங்க" என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சொல்லாமல் கூட வந்தவருக்கு அடுத்த டோக்கனைக் கொடுங்கள். டோக்கன் இடம் மிச்சம் இல்லையென்றால் ஈடுகட்டும் கட்டத்தில் பாருங்கள்.

பழைய சீட்டும் ரிப்போர்ட்டும் கொண்டுவரச் சொல்வதை இந்த போனிலேயே முடியுங்கள். முந்தைய நாள் மாலை ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பினால் வராமல் போகிறவர்களும் குறைவார்கள். வர முடியாதவர் அப்போதே சொல்லிவிடுவார், அந்த இடத்தை இன்னொருவருக்குக் கொடுக்கலாம்.

## 6. டோக்கனில் எண்ணோடு நேரத்தையும் எழுதுதல்

சொல்லாமல் வருபவர்களில் பாதிப் பேர் கிளினிக் திறக்கும் முன்பே வாசலில் நிற்பார்கள். 5:20-க்கு ஆறு பேர் நின்றால் ஆறு பேரையும் வரிசையாக உள்ளே அனுப்பும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. 5:30-க்கு நேரம் வாங்கி வந்தவர் 6:10 வரை காத்திருப்பார். இரண்டு மூன்று தடவை இப்படி ஆனால் அடுத்த முறை அவரும் போன் செய்யாமல் 5:15-க்கே வந்து நிற்பார். சில மாதங்களில் அப்பாயின்ட்மென்ட் முறையே செத்துவிடும்.

அட்டவணையில் மொத்தம் எட்டு டோக்கன் இடங்கள் உள்ளன. வந்த வரிசைப்படி அவற்றை நிரப்புங்கள். டோக்கனில் "3" என்று எழுதினால் போதாது, "3, மாலை 6:50" என்று எழுதுங்கள். நேரம் தெரிந்தால் பக்கத்துத் தெருக்காரர் வீட்டுக்குப் போய் வருவார், சந்தைக்கு வந்தவர் வேலையை முடித்து வருவார். கூடமும் காலியாகும். எண் மட்டும் இருந்தால், தன் எண்ணைத் தாண்டி வேறு யாரோ உள்ளே போகிறார் என்ற சந்தேகத்தில் எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

உள்ளே அனுப்பும் வரிசையைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். "நேரம் வாங்கியவர் இருவர், பிறகு டோக்கன் ஒருவர். அவசரமானவர் எப்போதும் முதலில்." சண்டை வருவது காத்திருப்பதால் மட்டும் இல்லை. ஏன் காத்திருக்கிறோம் என்று தெரியாததால்தான் அதிகம் வருகிறது.

எட்டு இடமும் முடிந்தபின் ஒன்பதாமவர் வந்தால் அப்படியே திருப்பி அனுப்பாதீர்கள். சிஸ்டர் ஒரு பார்வை பார்க்கட்டும், காய்ச்சலும் நாடித்துடிப்பும் ஆக்சிஜன் அளவும் பார்க்கட்டும். நிலைமை சரியாக இருந்தால் மறுநாள் முதல் டோக்கனை இன்றே எழுதிக் கொடுங்கள். சிஸ்டருக்குச் சந்தேகம் இருந்தால் 8:30 கட்டத்தின் காலி நேரத்தில் டாக்டர் பார்க்கலாம்.

ரிப்போர்ட் காட்ட வருபவர்களுக்கும் இடம் உண்டு என்பதை மறக்க வேண்டாம். "ஒரே நிமிஷம், காட்டிட்டுப் போயிர்றேன்" என்று இருவருக்கு நடுவில் நுழைவது நாளுக்கு நான்கு முறை நடந்தால் 12 நிமிடம். அட்டவணையில் இருந்தால் அது திட்டம், இல்லாவிட்டால் அது தாமதம். மேசையில் இருப்பவர் ரிப்போர்ட்டை முதலில் புரட்டிப் பார்த்து, ஆய்வகமே எல்லைக்கு வெளியே என்று குறியிட்ட எண் ஏதாவது இருந்தால் அதை உடனே சிஸ்டரிடம் காட்ட வேண்டும். அது மட்டும் வரிசைக்குக் காத்திருக்கக்கூடாது.

## 7. தாமதமாக வருபவருக்கு ஒரே விதி

தாமதத்துக்கு விதி எழுதாத கிளினிக்கில் மேசையில் இருப்பவரின் மனநிலைதான் விதி. தெரிந்தவர் என்றால் உள்ளே, தெரியாதவர் என்றால் கடைசி. இதை நோயாளிகள் மிகச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

10 நிமிடம் வரை தாமதமானவருக்கு இடம் அப்படியே இருக்கும், அடுத்ததாக உள்ளே போவார். டவுன் பஸ்ஸை நம்பி வருகிறவருக்கு இந்தப் பத்து நிமிடம் கொடுத்தே ஆக வேண்டும். 10 நிமிடத்துக்கு மேல், ஆனால் அவருடைய கட்டம் முடிவதற்குள் வந்தால், அந்தக் கட்டத்தில் இருப்பவர்கள் முடிந்தபின் பார்க்கப்படுவார். கட்டமே முடிந்துவிட்டது என்றால் அவர் டோக்கன்காரர். காலியாக இருக்கும் அடுத்த டோக்கன் இடம் அவருக்கு.

தாமதமானவரை ஒன்பது மணி வரை உட்கார வைத்துத் தண்டிக்க வேண்டியதில்லை. அப்படிச் செய்தால் கிராமத்திலிருந்து வருபவருக்குக் கடைசி பஸ் போய்விடும். வந்தவுடனே உள்ளே விடுவதும் கூடாது. விட்டால் 6:00 என்பது 6:30 என்று எல்லோரும் கற்றுக்கொள்வார்கள். தாமதமானவருக்குச் சிறிய இழப்பு இருக்க வேண்டும், நேரத்துக்கு வந்தவருக்கு இழப்பே இருக்கக்கூடாது. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டால் விதியில் இல்லாத சூழ்நிலைகளையும் மேசையில் இருப்பவரே முடிவு செய்துவிடலாம்.

எல்லோரும் தாமதமாகத்தான் வருகிறார்கள் என்று 6:00 இடத்துக்கு 5:45 என்று சொல்லி வரவழைப்பது சிலர் கையாளும் தந்திரம். நேரத்துக்கு வருகிறவரைத்தான் அது ஏமாற்றுகிறது. செய்ய வேண்டாம்.

டாக்டரே தாமதமானால், 10 நிமிடத்துக்கு மேல் ஆகும் என்று தெரிந்த உடனே மேசைக்குச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு கட்டத்தில் இருப்பவர்களுக்கு போன் செய்து புதிய நேரம் சொல்லுங்கள். வீட்டிலிருந்து கிளம்பாதவருக்கு 20 நிமிடத் தாமதம் பெரிய விஷயமே இல்லை. கூடத்தில் உட்கார்ந்தவருக்கு அது பெரிது.

## 8. அவசரம்: வாசலிலேயே தரம் பிரித்தல்

அவசரமானவர் யார் என்பதை டோக்கன் எண் சொல்லாது, வந்தவரும் சொல்லமாட்டார். நெஞ்சுவலியோடு வந்தவர் "கேஸ் ட்ரபிள்தான், ஒரு ஊசி போட்டா சரியாயிரும்" என்பார். வரிசையில் பொறுமையாக உட்காரவும் செய்வார். அதனால் வாசலுக்கு வந்த ஒவ்வொருவரையும் ஐந்து நிமிடத்துக்குள் சிஸ்டர் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். கிளினிக்கில் இதைவிட முக்கியமான விதி கிடையாது.

சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறம் போதும். சிவப்பு என்றால் உள்ளே வேறு நோயாளி இருந்தாலும் கதவைத் தட்டி டாக்டரை அழைக்க வேண்டும். மஞ்சள் என்றால் இப்போது உள்ளே இருப்பவர் முடிந்ததும் அடுத்து. பச்சை என்றால் வரிசைப்படி.

சிவப்புப் பட்டியலை டாக்டரே எழுதிக் கையெழுத்திட்டு மேசையில் ஒட்டட்டும். மருத்துவப் பெயர்களில் எழுதினால் மேசையில் இருப்பவருக்கு உதவாது. மக்கள் எப்படிச் சொல்வார்களோ அப்படி எழுதுங்கள். நெஞ்சு அடைக்குது, நெஞ்சு எரியுதுன்னு சொல்லி வேர்த்துக் கொட்டுது. மூச்சு வாங்குது, பேச முடியல. ஒரு பக்கம் கை கால் வரல, வாய் கோணுது, பேச்சு குழறுது. வலிப்பு, மயக்கம். பாம்புக்கடி, விஷம் குடித்தது. நிற்காத ரத்தம். கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, வலிப்பு, கடுமையான தலைவலி. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல். டெங்கு நாட்களில், காய்ச்சல் விட்டபின் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, சோர்வு என்று வருபவரையும் சேருங்கள். காய்ச்சல் விட்டதே என்று வீட்டில் நிம்மதியாக இருக்கும் நேரம்தான் டெங்குவில் ஆபத்தான நேரம்.

நெஞ்சுவலிக்கு வந்து பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். அதனால் இயந்திரம் அலமாரியில் பூட்டியிருக்கக்கூடாது. சார்ஜ் இருக்கிறதா, தாள் இருக்கிறதா என்பதை சிஸ்டர் தினமும் 5:15-க்குப் பார்த்துவிடுவது நல்லது. ஆக்சிஜன் சிலிண்டரையும் நெபுலைசரையும் அப்படியே.

யார் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே பிரித்து எழுதுங்கள். சிஸ்டர் நோயாளியை விட்டு நகரக்கூடாது. மேசையில் இருப்பவர் 108-ஐ அழைப்பார், நோயாளியின் உறவினரை ஒரு இடத்தில் உட்கார வைப்பார், பிறகு கூடத்தில் இருப்பவர்களிடம் பேசுவார். சிறிய கிளினிக்கின் வேலை நிலைப்படுத்தி அனுப்புவது. பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து கிளினிக்கில் இல்லையென்றால் அது இருக்கும் அரசு மருத்துவமனைக்கு உடனே அனுப்ப வேண்டும். பக்கத்தில் எங்கே எது இருக்கிறது என்ற பட்டியல் போனுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

கூடத்தில் சொல்ல வேண்டியது இரண்டே வாக்கியம். "ஒருத்தருக்கு அவசரம், டாக்டர் பார்த்துட்டு இருக்காங்க. சுமார் 25 நிமிஷம் தள்ளிப்போகும், வீட்டுக்குப் போயிட்டு வர்றவங்க வரலாம், உங்க இடம் போகாது." கடைசி மூன்று சொற்களைச் சொல்ல மறந்தால் யாரும் நாற்காலியை விட்டு எழமாட்டார்கள்.

## 9. ஒரு மாலையை ஓட்டிப் பார்த்தல்

அட்டவணையைப் போடும் முன் காகிதத்தில் ஒரு கெட்ட நாளை ஓட்டிப் பாருங்கள். 6:20-க்கு "கேஸ்" என்று சொல்லி ஒருவர் வேர்த்து விறுவிறுத்து வருகிறார். டாக்டர் அப்போது 6:00 கட்டத்தின் இரண்டு அப்பாயின்ட்மென்டையும் முடித்திருக்கிறார். இ.சி.ஜி., முதலுதவி, ஆம்புலன்ஸில் ஏற்றியது எல்லாம் சேர்ந்து 6:45 ஆகிறது.

மீதியிருக்கும் 6:20 டோக்கன் 6:51-க்கு முடிகிறது. 6:30 புதியவர் 7:03-க்கு, 6:40 மாதாந்திரம் 7:11-க்கு, 6:50 டோக்கன் 7:17-க்கு. அடுத்து ஈடுகட்டும் கட்டத்தின் இரண்டு டோக்கன்கள் 7:29-க்கு, ரிப்போர்ட் 7:32-க்கு. 7:30-க்கு நேரம் வாங்கியவர் இரண்டே நிமிடம் காத்திருந்து உள்ளே போகிறார். 25 நிமிடத் தாமதம் அங்கேயே கரைந்துவிட்டது. அதிகம் காத்திருந்தவர் 6:20 டோக்கன்காரர், அவருக்கும் 25 நிமிடம்தான். ஏழு மணிக் கட்டத்தில் இரண்டு அப்பாயின்ட்மென்டைப் போட்டிருந்தால் இந்தத் தாமதத்தின் பெரும்பகுதி கடைசிக் கட்டம் வரை போயிருக்கும்.

அதே மாலை 8:00-க்கு இன்னொரு 25 நிமிட அவசரம் வந்தால்? ஓட்டிப் பார்த்தால் கடைசி ரிப்போர்ட் 9:11-க்கு முடிகிறது. தாங்கக்கூடியதுதான். மூன்றாவது அவசரம் வந்தால் எந்த அட்டவணையும் தாங்காது. அன்றைக்கு மாதாந்திரப் பரிசோதனைக்கு வரவேண்டியவர்களை போனில் அழைத்து மறுநாளுக்கு மாற்றுங்கள். மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று மட்டும் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

15 நிமிடத்துக்குள் இருக்கும் தாமதத்துக்கு எதுவும் செய்ய வேண்டாம், அட்டவணை தானே சரிசெய்துகொள்ளும். அதற்கு மேல் போனால் அடுத்த இரண்டு கட்டத்தில் இருப்பவர்களுக்குத் தகவல் சொல்லுங்கள். 30-ஐத் தாண்டினால்தான் ஆட்களை மாற்றும் பேச்சு. எந்த நிலையிலும் டாக்டரிடம் போய் "சீக்கிரம் பாருங்க" என்று சொல்லாதீர்கள்.

## 10. இரண்டு வாரம் கழித்து எதைப் பார்ப்பது

அதே நோட்டை மறுபடி எடுங்கள். முதலில், நேரம் வாங்கியவர்களில் பத்தில் எட்டுப் பேராவது சொன்ன நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் உள்ளே போனார்களா என்று பாருங்கள். அடுத்து, டாக்டர் ஆள் இல்லாமல் எத்தனை நிமிடம் இருந்தார். கடைசியாக, கிளினிக் எத்தனை மணிக்கு மூடியது.

காத்திருப்பும் அதிகம், மூடும் நேரமும் தள்ளிப்போகிறது என்றால் நிரப்பியது அதிகம். மூன்றாம் பகுதிக்குத் திரும்புங்கள். காத்திருப்பு அதிகம், ஆனால் நேரத்துக்கு மூடுகிறது என்றால் மாலையின் முன்பாதியில் சுமை கூடிவிட்டது. 6:30 கட்டத்தின் புதியவரையும் 8:30 கட்டத்தின் மாதாந்திரத்தையும் இடம் மாற்றிப் பாருங்கள். டாக்டர் தினமும் அரை மணிக்கு மேல் சும்மா இருக்கிறார், ஒன்பதாம் டோக்கன்காரரைத் திருப்பி அனுப்புகிறீர்கள் என்றால் 8:30 கட்டத்தில் ஒரு டோக்கன் சேர்க்கலாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், இல்லாவிட்டால் எது உதவியது என்று தெரியாது.

ஒரே அட்டவணை ஆண்டு முழுவதற்கும் ஓடாது. ஞாயிறு விடுமுறை முடிந்த திங்களுக்குத் தனியாக ஒன்று வேண்டும். அன்று புதியவர் இடம் இரண்டை டோக்கனாக மாற்றினால் நான்கு காய்ச்சல்காரர்களைப் பார்க்கலாம், அதே 24 நிமிடம்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காய்ச்சல்கள் கூடும்போது இன்னொன்று. அந்த மாதங்களில் மாதாந்திரப் பரிசோதனைகளைக் காலைக்கு மாற்றிவிடுங்கள். மாலையில் டோக்கன் இடம் கிடைக்கும், சுகர் உள்ள வயதானவர்கள் இருமுகிறவர்களுக்கு நடுவில் உட்கார வேண்டியும் வராது. மழைக்கால அட்டவணையைச் செப்டம்பர் கடைசியிலேயே எழுதி, அந்த மாதச் சீட்டைக் கொடுக்கும்போதே அடுத்த முறை காலையில் வரச் சொல்லிவிடுங்கள்.